மரத்துப்போகும் மணி நேரங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடை. காலை ஒன்பது மணி. ஹெல்மெட் போட்ட நாலைந்து பேர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்குகிறார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பியவர்கள். 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டுகிறார்கள். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி. ஒருவர் வாழைப்பழத்தை உரிக்கிறார், ஒருவர் தண்ணீர் பாட்டிலை நிரப்புகிறார். இன்னொருவர் கொஞ்சம் ஒதுங்கி நின்று சிறுநீர் கழிக்கிறார். அப்போதுதான் அவருக்கு அது புரிகிறது. சிறுநீர் போவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் போவது போலவே இல்லை. அந்த இடமே தன்னுடையது இல்லை என்பதுபோல் இருக்கிறது.

திரும்பி வந்து டீயைக் குடிக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. முட்டி வலி என்றால் சொல்லியிருப்பார், தொடையில் பிடிப்பு என்றால் கத்தியே இருப்பார். இதை எப்படிச் சொல்வது? ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கிறது, பிறகு ஊசி ஊசியாய்க் குத்துகிறது, அதன் பிறகு உணர்ச்சி திரும்புகிறது. சரியாகிவிட்டது என்று மறுபடி சைக்கிளில் ஏறுகிறார்.

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களில் இந்தக் காட்சியைத் தன் அனுபவத்தில் காணாதவர்கள் குறைவு. ஆண்களுக்கு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், பெண்களுக்குப் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியை மருத்துவர்கள் பெரினியம் என்கிறார்கள். அதன் உணர்ச்சியைச் சுமந்து செல்லும் முக்கிய நரம்புக்குப் பெயர் பியூடெண்டல். அது லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; மூலச் சொல்லின் பொருள் 'வெட்கப்படுதல்'. பெயர் வைத்த காலத்திலேயே இந்த நரம்பின் தலையெழுத்தை எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

வெட்கத்தைத் தள்ளிவைத்து அந்த நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். முதுகுத்தண்டின் அடியில், இடுப்பின் பின்பக்கம் கை வைத்தால் தட்டுப்படும் முக்கோண எலும்புதான் சேக்ரம். அதிலிருந்து வெளிவரும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நரம்பு வேர்கள் சேர்ந்து பியூடெண்டல் நரம்பாகின்றன. அது நேராகக் கீழே இறங்குவதில்லை. பின்வாசல் வழியாக வீட்டைவிட்டு வெளியே போய், சந்தைச் சுற்றிக்கொண்டு, பக்கவாசல் வழியாக உள்ளே நுழைபவரைப் போல, இடுப்பெலும்புக் கூட்டைவிட்டு ஒருமுறை வெளியேறி, ஓர் எலும்பு முனையைச் சுற்றி மறுபடி உள்ளே வருகிறது. பிறகு, நாம் உட்காரும்போது தரையில் ஊன்றும் எலும்பின் உட்பக்கச் சுவரை ஒட்டி ஒரு குறுகிய உறைக்குள் நுழைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரிஷ் உடற்கூறியலாளர் பெஞ்சமின் ஆல்காக்கின் பெயரால் அதை ஆல்காக் கால்வாய் என்று அழைக்கிறார்கள். அதே கால்வாயில் நரம்புக்குத் துணையாக ஒரு ரத்தக்குழாயும் போகிறது. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோவது அதுதான். நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிகிறது: ஒன்று ஆசனவாய்ப் பக்கம், ஒன்று பெரினியத்துக்கு, ஒன்று முன்னால் ஆணுறுப்பின் அல்லது பெண்குறிக் காம்பின் மேற்புறத்துக்கு. இந்த மூன்றாவது கிளை முன்பக்க இடுப்பெலும்பின் கீழ் விளிம்பை உரசிக்கொண்டு போகிறது.

இப்போது ஒரு நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உட்காரும்போது உடல் எடை இரண்டு உட்காரும் எலும்புகளில் இறங்குகிறது. அவற்றின் மேல் கொழுப்பும் தசையும் உண்டு. அவை எடை தாங்கவே அமைந்தவை. சைக்கிளில் குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்த உடனே இடுப்பு முன்பக்கம் சாய்கிறது. உட்காரும் எலும்புகள் சீட்டின் பின்பகுதியிலிருந்து எழும்புகின்றன, எடை சீட்டின் மூக்குக்கு நகர்கிறது. நாற்காலி சுமந்த எடையை இப்போது பெரினியம் சுமக்கிறது. நரம்பும் ரத்தக்குழாயும் மேலே எலும்புக்கும் கீழே சீட் மூக்குக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கின்றன.

நம் ஊரில் பால் கேனை இருபுறமும் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டியவர்கள் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லையே என்று ஒருவர் கேட்கலாம். அவர்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அந்தக் கறுப்பு சைக்கிளின் அமைப்பே வேறு. ஹேண்டில்பார் சீட்டைவிட உயரமாக, கைக்கு அருகில் இருக்கும். ஓட்டுபவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்போல் நிமிர்ந்து உட்காருவார். சீட் அகலமானது, அடியில் சுருள்வில் வைத்தது. எடை எலும்பிலேயே இறங்கும். காற்றைக் கிழித்து வேகமாகப் போக ஆசைப்பட்டு நாம் குனிந்ததற்குக் கொடுக்கும் விலைதான் இந்த மரப்பு.

நரம்பு அழுத்தம் என்றால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? பலர் நினைப்பதுபோல் நரம்பு 'நசுங்கி' விடுவதில்லை. கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகுமே, அதை நினைத்துக்கொள்ளலாம். நரம்பு ஒரு கம்பி இல்லை, உயிருள்ள திசு. அதற்குள் செய்தி கொண்டுபோகும் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. பல இழைகளைச் சுற்றி மின்கம்பி உறைபோல் கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. இவை எல்லாவற்றுக்கும் உணவும் ஆக்சிஜனும் கொடுக்க நரம்புக்குள்ளேயே தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அழுத்தம் முதலில் கை வைப்பது அந்தக் குழாய்களில்தான்.

1981-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ரைடெவிக், லுண்ட்போர்க் ஆகியோர் இதை முயலின் கால் நரம்பில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் சொன்னால், 20 முதல் 30 வரை அழுத்தம் வந்தாலே நரம்பிலிருந்து ரத்தம் திரும்பிப் போகும் சிறு சிரைகளில் ஓட்டம் மந்தமாகிறது. 80-ஐ ஒட்டி நரம்புக்குள் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது. ரத்த அழுத்தத்தில் 'கீழ் எண்' என்று நாம் சொல்வது சாதாரணமாக 80. அதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சிறிய அழுத்தம் என்று புரியும். ஒரு மனிதனின் பாதி எடை ஒரு கைப்பிடி அகல சீட்டில் இறங்கும்போது இந்த எண்களைத் தாண்டுவது பெரிய காரியமே அல்ல.

ஆக்சிஜன் குறைந்ததும் இழைகள் செய்தி அனுப்புவதை நிறுத்துகின்றன. அதுதான் மரப்பு. எழுந்து நின்றதும் ரத்தம் பாய்கிறது. பட்டினி கிடந்த இழைகள் நிதானத்துக்கு வரும்வரை தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன. அந்தக் குழப்பச் செய்திகள்தான் எறும்பு ஊர்வதும் ஊசி குத்துவதும். ஆக, டீக்கடையில் அவருக்கு வந்த குறுகுறுப்பு நல்ல சகுனம். உள்ளே யாரும் சாகவில்லை, பசியில் மயங்கிக் கிடந்தவர்கள் எழுந்துகொள்கிறார்கள்.

இதே அழுத்தம் தினமும் மணிக்கணக்கில் தொடர்ந்தால் கதை மாறுகிறது. 1943-ல் ஹெர்பர்ட் செட்டன் என்ற பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை நிபுணர் நரம்புக் காயங்களை மூன்று படிகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதல் படியில் இழை அப்படியே இருக்கும், அதன் மேலுறை மட்டும் அழுத்திய இடத்தில் சிதைந்திருக்கும். கம்பி அறவில்லை, இன்சுலேஷன் மட்டும் உரிந்திருக்கிறது. உறையை உடல் மறுபடி சுற்றிக்கொள்ள நாள்களோ வாரங்களோ ஆகும். பெரும்பாலும் முழுமையாகச் சரியாகிவிடும். இரண்டாம் படியில் இழையே அறுந்துவிடும், ஆனால் அது ஓடிய குழாய் மிஞ்சியிருக்கும். அந்தக் குழாய்க்குள் இழை திரும்ப வளர வேண்டும். வேகம் சுமாராக ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். 10 சென்டிமீட்டர் வளர மூன்று மாதத்துக்கு மேல். மூன்றாவது, நரம்பு முழுவதும் துண்டாவது. அது கத்திக்குத்திலும் விபத்திலும் நடப்பது, சைக்கிள் சீட்டால் நடப்பதல்ல. சவாரிக்காரர்களுக்கு வருவது அநேகமாக முதல் படி, அல்லது அதற்கும் முந்தைய அந்தத் தற்காலிகப் பட்டினி. இரண்டாம் படிக்குப் போகிறவர்கள் சிலர், அவர்கள் பெரும்பாலும் முதல் படியில் கிடைத்த எச்சரிக்கையைப் பல மாதம் தள்ளிப்போட்டவர்கள்.

எவ்வளவு பேருக்கு இது வருகிறது? நார்வேயில் ட்ரோண்ட்ஹைம் நகரிலிருந்து ஆஸ்லோ வரை 540 கிலோமீட்டர் ஓட்டும் புகழ்பெற்ற சவாரி ஒன்று உண்டு. ஆண்டர்சன், போவிம் என்ற இரு நார்வே மருத்துவர்கள் அதில் ஓட்டியவர்களிடம் கேள்விப் படிவம் கொடுத்துக் கேட்டு, 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். 160 ஆண்களில் 35 பேருக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் மரப்பு போன்ற அறிகுறிகள் இருந்தன. அவர்களில் 10 பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. 21 பேர் சவாரிக்குப் பிறகு விறைப்புத்தன்மை குறைந்ததாகச் சொன்னார்கள். அதில் 11 பேருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், 3 பேருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் அது தொடர்ந்தது.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துச் சைக்கிளை விற்க ஓட வேண்டாம். இது ஒரே சவாரியில் 540 கிலோமீட்டரைத் தாண்ட முயன்றவர்களின் கணக்கு. மேலும், சைக்கிள் ஓட்டாத ஆண்கள் கூட்டத்தோடு ஒப்பிட்ட கணக்கும் அல்ல. 2018-ல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சிறுநீரகவியல் ஆய்வாளர்கள் சைக்கிள் ஓட்டுபவர்களை நீச்சல்காரர்களோடும் ஓட்டக்காரர்களோடும் ஒப்பிட்டபோது, பாலியல் திறனிலும் சிறுநீர்க் கோளாறிலும் சைக்கிள்காரர்கள் மோசமாக இல்லை. ஆனால் மரப்பு அவர்களுக்கு அதிகம். அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று: ஓட்டும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சீட்டைவிட்டு எழுந்து நின்று ஓட்டுபவர்களுக்கு மரப்பு குறைவாக இருந்தது.

பெண்களைப் பற்றி முதலில் யாரும் அக்கறை காட்டவில்லை. விறைப்பு என்ற ஒற்றைக் கவலையோடு ஆராய்ச்சி தொடங்கியதால் அப்படி ஆகிவிட்டது. 2006-ல் அமெரிக்காவில் மார்ஷா கெஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவும் போட்டி சைக்கிள் ஓட்டும் பெண்களை ஓட்டப் பந்தயப் பெண்களோடு ஒப்பிட்டு அளந்தார்கள். சைக்கிள் பெண்களுக்கு அந்தப் பகுதியில் உணர்திறன் குறைந்திருந்தது. அதே குழுவினரின் அடுத்த ஆய்வில், ஹேண்டில்பாரைச் சீட்டைவிடத் தாழ்வாக வைத்திருந்த பெண்களுக்கு அழுத்தம் கூடுதலாகவும் உணர்ச்சி குறைவாகவும் இருந்தது தெரிந்தது. காரணம் ஆணோ பெண்ணோ என்பதில் இல்லை, குனிவில் இருக்கிறது.

சரி, சீட் உறுத்துகிறது என்றால் மெத்தென்ற சீட் வாங்கிவிட்டால் போகிறதே? எல்லோரும் முதலில் செய்வது இதுதான். சைக்கிள் கடைக்குப் போய் ஜெல் கவர் ஒன்று வாங்கி மாட்டுகிறார்கள். இங்கேதான் அறிவுக்கு ஒத்துவருவதுபோல் தோன்றும் ஒன்று தலைகீழாகப் போகிறது.

2002-ல் ஜெர்மனியில் ஸ்வார்ட்சர் குழுவினர் ஆண்களைப் பல வகைச் சீட்டுகளில் உட்கார வைத்து ஓட்டச் செய்து, ஆணுறுப்பின் தோலில் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். தடித்த மெத்தை வைத்த குறுகிய சீட்டில் ஆக்சிஜன் 82 சதவீதம் விழுந்தது. மெத்தையே இல்லாத, மூக்கு இல்லாத அகலச் சீட்டில் வெறும் 20 சதவீதம்தான். காரணம் எளிது. மெத்தையில் உட்காரும் எலும்புகள் புதைந்துவிடுகின்றன. எலும்பு புதைந்த அளவுக்கு நடுவிலிருக்கும் மெத்தை பிதுங்கி எழுந்து பெரினியத்தைக் கீழிருந்து முட்டுகிறது. ஈரக் களிமண்ணில் இரண்டு விரலை ஊன்றினால் நடுவில் மேடு எழும்புமே, அதேதான். உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கும்போது சொகுசாகத் தெரியும் சீட் இரண்டு மணி நேரம் கழித்து எதிரியாகிவிடுகிறது. சீட் எலும்பைத் தாங்க வேண்டும், சதையைத் தொடாமல் விட வேண்டும். கடினமா மென்மையா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம். அவர்களுக்குக் கிடைத்தவர்கள் பந்தய வீரர்கள் அல்ல, போலீஸ்காரர்கள். அங்கே பல நகரங்களில் காவலர்கள் சைக்கிளில் ரோந்து போகிறார்கள். வேலையே சைக்கிள் மேல்தான், இடுப்பில் துப்பாக்கியும் வயர்லெஸ்ஸும் வேறு. ஸ்டீவன் ஷ்ரேடர் தலைமையிலான குழு 90 சைக்கிள் காவலர்களுக்கு மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது. பின்பக்கம் மட்டும் அகலமாக இருக்கும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கிடையாது. பெரினியத்தில் விழும் அழுத்தம் 66 சதவீதம் குறைந்தது. 'கடந்த ஆறு மாதத்தில் மரப்பே வரவில்லை' என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம் பேர்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு 82 சதவீதம். ஆணுறுப்பின் உணர்திறனும் மேம்பட்டது. முடிவில் பழைய சீட்டுக்குத் திரும்பியவர்கள் மூன்றே பேர்.

அப்படியானால் எல்லோரும் மூக்கில்லாச் சீட்டையே போட்டுவிடலாமே? நெடுந்தூரக்காரர்கள் தயங்குவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சீட்டின் மூக்கு வெறும் அலங்காரம் அல்ல, வளைவுகளில் தொடையால் சைக்கிளைக் கட்டுப்படுத்த அது உதவுகிறது. மூக்கு இல்லாதபோது உடல் முன்னே வழுக்கும், கைகள் அதிகம் தாங்க வேண்டியிருக்கும். ரோந்துக்காரருக்கு ஒத்துவருவது இறக்கத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவருக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. நடுவில் நீளப் பள்ளம் வெட்டிய சீட்டும், மூக்கைக் குட்டையாக்கிய சீட்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த சமரசங்கள்.

புதுச் சீட் வாங்குவதற்கு முன் இருக்கும் சைக்கிளிலேயே சரி செய்ய நிறைய உண்டு. ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோவையில் கம்ப்யூட்டர் வேலை, வயது 38, வார இறுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறார். இவர் கற்பனை மனிதர்தான், ஆனால் இவருடைய தவறு எதுவும் கற்பனை இல்லை. 60 கிலோமீட்டரில் மரப்பு தொடங்குகிறது. ஜெல் கவர் வாங்கினார். இப்போது 40 கிலோமீட்டரிலேயே தொடங்குகிறது.

முதலில் சீட்டின் சாய்வு. சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, அதன் மேல் செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை வைத்தால் தெரிந்துவிடும். அவருடைய சீட்டின் மூக்கு 4 டிகிரி மேலே தூக்கியிருக்கிறது. வழுக்காமல் இருக்கட்டும் என்று கடைக்காரர் வைத்துக் கொடுத்தது. இந்த ஒரு தவறே போதும். மூக்கு மட்டமாக, அல்லது ஒன்றிரண்டு டிகிரி கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இறக்கினால் உடல் முன்னே சரிந்து எடை கைக்குப் போகும். பிறகு சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்கத் தொடங்கும். அதுவும் நரம்பு அழுத்தம்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்து உயரம். பின்னால் இன்னொருவர் ஓட்டி வந்து கவனித்தால், ஒவ்வொரு பெடலுக்கும் அவருடைய இடுப்பு இருபுறமும் ஆடுவது தெரியும். சீட் அதிக உயரம். கால் எட்டாமல் இடுப்பை இறக்கி இறக்கி மிதிக்கிறார், பெரினியம் சீட்டில் உராய்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் முழங்கால் அப்படியே நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. அந்தக் கணக்குப்படி பார்த்து 15 மில்லிமீட்டர் இறக்கினார்.

பிறகு அகலம். மாடிப்படியில் அட்டைப்பெட்டியின் நெளி அட்டை ஒன்றைப் போட்டு, குனிந்த நிலையில் அழுந்த உட்கார்ந்து எழுந்தால் உட்காரும் எலும்புகள் இரண்டு பள்ளங்களாகப் பதியும். அவருக்கு நடுவுக்கு நடு 12 சென்டிமீட்டர் வந்தது. அதைவிட ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலமான சீட் வேண்டும், 14 என்று வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இருப்பதோ 13. ஒரு பக்க எலும்பு விளிம்பிலிருந்து நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. எலும்பு நழுவினால் நடுச்சதைதான் எடையைத் தாங்கும்.

கடைசியாக ஹேண்டில்பார், சீட்டைவிட 7 சென்டிமீட்டர் தாழ்வு. பந்தயக்காரர் ஒருவரின் புகைப்படத்தைப் பார்த்து வைத்தது. மூன்று சென்டிமீட்டர் ஏற்றினார். ஜெல் கவரைக் கழற்றிப் போட்டார். உள்ளாடை இல்லாமல் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் அணியத் தொடங்கினார். உள்ளாடையின் தையல் விளிம்பே அழுத்தும் கோடாகிவிடும் என்பதால்தான் இது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முப்பது வினாடி எழுந்து நின்று ஓட்டுகிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. ஒரு சவாரிக்கு ஒரு மாற்றம், அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். மூக்கை இறக்கியதுதான் பாதிக்கு மேல் வேலை செய்தது என்று கண்டுபிடித்தார். இப்போதும் 150 கிலோமீட்டரில் லேசாகக் குறுகுறுக்கும், இறங்கி நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை, வீட்டுக்குள் ட்ரெயினரில் சைக்கிளைப் பூட்டி ஓட்டுபவர்களுக்கு. சாலையில் குழிக்கும் சிக்னலுக்கும் திருப்பத்துக்கும் நம்மை அறியாமலே எழுகிறோம், அசைகிறோம். ட்ரெயினரில் சைக்கிள் அசைவதே இல்லை. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் ஒரே அழுத்தம். சாலையில் மூன்று மணி நேரம் வராத மரப்பு அங்கே 40 நிமிடத்தில் வரும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதுதான் இதில் மிக முக்கியமானது. இறங்கிய சில நிமிடங்களில் போய்விடும் மரப்பு சைக்கிளில் ஏதோ சரியில்லை என்று சொல்கிறது, அதைத் திருத்தினால் போதும். மறுநாள் காலையும் உணர்ச்சி குறைவாகத் தெரிந்தால், அது முழுவதும் திரும்பும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது. ஒரு வாரம் தாண்டினாலோ, அல்லது மரப்பு போய் எரிச்சலான வலி வந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் உட்கார்ந்தால் வலி, நின்றால் குறைவு, கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் இல்லை, இரவில் தூக்கத்தைக் கலைப்பதில்லை என்று இருந்தால் பியூடெண்டல் நரம்பு மீது சந்தேகம் வலுக்கும். பிரான்சின் நான்த் நகரில் மருத்துவர்கள் ஒப்புக்கொண்டு 2008-ல் வெளியான அடையாளங்கள் ஏறக்குறைய இவைதான். கழிப்பறை இருக்கையில் வலி இல்லாததற்குக் காரணம் அதன் நடுவில் துளை இருப்பதே. சிகிச்சை பெரும்பாலும் ஓய்வு, நடுவில் வெட்டிய மெத்தை, இடுப்புத் தரைத் தசைகளுக்கான பிசியோதெரபி, தேவைப்பட்டால் நரம்பு வலி மாத்திரை, அந்த நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே.

ஆனால் ஒன்று மட்டும் காத்திருக்காது. முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் டிஸ்க் பிதுங்கி நரம்புக் கொத்தை ஒட்டுமொத்தமாக நசுக்கினாலும் இதே இடம்தான் மரக்கும். குதிரைச் சேணம் படும் இடம் என்று மருத்துவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சைக்கிள் ஓட்டும் ஒருவர் அதைச் 'சீட்டால் வந்தது' என்று நினைத்துத் தள்ளிப்போடுவது மிக எளிது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கலாம்: சிறுநீர் வர மறுப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு கால்களிலும் வலு குறைவது, கடுமையான முதுகு வலியோடு மரப்பு தொடங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மணி நேரங்கள் கணக்கில் வருகின்றன. தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம்.

மருத்துவரிடம் போகும் நாளில் அங்கே வாய் திறக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், எத்தனையாவது நிமிடத்தில் மரக்கத் தொடங்குகிறது, இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, சிறுநீர் மலம் விறைப்பு இவற்றில் மாற்றம் உண்டா இல்லையா. அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள், மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.